நோக்க வாசகத்தைச் செப்பனிடுதல்

ஓர் அறநிறுவனம் தான் செய்யும் பணியை ஓரிரு வாக்கியங்களில் எடுத்துரைப்பதே நோக்க வாசகம். யாருக்கு உதவுகிறோம், எப்படி உதவுகிறோம், ஏன் உதவுகிறோம் ஆகிய மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இருக்க வேண்டும்.

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒரு சிறிய அமைப்பு இயங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் தொண்டூழியர்கள், தனியாக வாழும் முதியோரின் வீடுகளுக்கு மதிய உணவு கொண்டு செல்கின்றனர். ஆனால், அதன் நோக்க வாசகம் இவ்வாறு உள்ளது:

“சமுதாயத்தில் உதவி தேவைப்படுவோருக்குப் பல்வேறு சேவைகளை வழங்கி, அவர்களின் வாழ்வில் ஒளியேற்றுவோம்.”

இவ்வாசகத்தைச் சிறுவர் இல்லமோ விலங்கு காப்பகமோகூடத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். அவ்வாறு எந்த அமைப்புக்கும் பொருந்துமானால், வாசகம் தெளிவாக இல்லை என்பதே பொருள்.

முதலில், ‘உதவி தேவைப்படுவோர்’ என்பதை நீக்கி, ‘தோ பாயோவில் தனியாக வாழும் முதியோர்’ என்று எழுதலாம். அடுத்து, ‘பல்வேறு சேவைகள்’ என்பதற்குப் பதிலாக ‘மதிய உணவு’ என்று குறிப்பிடலாம். ஆனால், ‘வாரத்தில் ஐந்து நாள், 40 பேருக்கு’ என்று சேர்க்க வேண்டாம். எண்ணிக்கை மாறும்போதெல்லாம் வாசகத்தையும் மாற்ற நேரிடும். அத்தகைய விவரங்களுக்கு ஆண்டறிக்கையே ஏற்ற இடம்.

‘ஏன்’ என்னும் வினாவுக்கு விடை காண்பதுதான் கடினம். முதியோரின் பசியைப் போக்குவது மட்டுமே நோக்கம் என்றால், உணவுப் பொட்டலத்தைக் கதவில் மாட்டிவிட்டுச் செல்வது போதும். அவர்களை நலம் விசாரிக்க ஒருவர் வேண்டும் என்பதும் நோக்கம் என்றால், கதவைத் தட்டி, முகம் பார்த்துப் பேச வேண்டும். நேற்று நன்றாக நடந்த பாட்டி இன்று சுவரைப் பிடித்து நடப்பதை அப்போதுதான் கவனிக்க முடியும். இரண்டாவதே தங்கள் நோக்கம் என்று அமைப்பினர் முடிவு செய்தால், வாசகம் இவ்வாறு அமையும்:

“தோ பாயோவில் தனியாக வாழும் முதியோருக்கு மதிய உணவை நேரில் கொடுத்து, அவர்களுடன் உரையாடுகிறோம். அவர்கள் பசியின்றி இருக்கவும், அவர்களின் நலனில் ஏற்படும் மாற்றத்தை ஒருவர் உடனே அறியவும் இதைச் செய்கிறோம்.”

‘ஒளியேற்றுவோம்’ என்னும் சொல் இப்போது இல்லை. அது அழகான சொல்தான். ஆனால், அது நிறைவேறியதா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. தொண்டூழியர் கதவைத் தட்டினாரா, முதியவருடன் பேசினாரா என்பதைச் சரிபார்க்க முடியும்.

நேரம் குறைவாக இருக்கும் நாளில், புதிய தொண்டூழியர் ஒருவர் உணவைக் கதவில் மாட்டிவிட்டுப் போக எண்ணலாம். அவ்வாறு செய்தால் பணியில் பாதி விடுபட்டுப்போகும் என்பதைப் பழைய வாசகம் அவருக்கு உணர்த்தியிருக்காது. புதிய வாசகம் உணர்த்தும்.