முகவரி மாறியவருக்கு எந்தப் படிவம், 6-ஆ, 8-ஆ?

கேள்வி: என் பிறந்த வீடு விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம். திருமணமாகி மூன்று வருடமாகத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். என் கணவர் ஏழு வருடமாக இதே வீட்டில் குடியிருப்பவர். அவருக்கு இந்த முகவரியில் ஓட்டு இருக்கிறது. எனக்கு இன்னும் அப்பா வீட்டு முகவரியில்தான். தேர்தல் வருகிறதே என்று போன வாரம் நெட் சென்டருக்குப் போனேன். "புது முகவரின்னா படிவம் 6 தாம்மா" என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "ரெண்டு இடத்துல ஓட்டு இருந்தா கேஸ் ஆயிடும்" என்கிறார். வீட்டு ஓனரோ, "ஒரு ஓட்டே போதும், இந்த அட்ரஸ்ல இன்னொண்ணு வேண்டாம்" என்கிறார். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் மறுக்கிறார். வாக்காளர் அட்டைதான் கையில் இருக்கிறதே, அதைக் காட்டி இங்கேயே ஓட்டுப் போட முடியாதா?

— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், சகோதரி. அட்டையைக் காட்டி இங்கே ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டை நீங்கள் யார் என்பதற்கு அடையாளம் மட்டுமே. ஓட்டுப் போடும் உரிமையைத் தருவது வாக்காளர் பட்டியல். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62 இதைத்தான் சொல்கிறது: எந்தத் தொகுதியின் பட்டியலில் பெயர் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டு; பெயர் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால்கூட ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற ஆணையம் ஏற்கும் வேறு ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். அட்டை இருந்து பெயர் இல்லாவிட்டால் வாக்குச்சாவடி அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. வீட்டுக்கு வரும் பூத் ஸ்லிப்பையும் 2019 முதல் தனி அடையாள ஆவணமாக ஏற்பதில்லை.

அடுத்தது படிவம். நெட் சென்டர்காரர் வேண்டுமென்றே தவறு செய்திருக்க மாட்டார். வேறு தொகுதிக்குக் குடிபோனவர்கள் முன்பு படிவம் 6-ஐத்தான் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் அந்த முறை மாறிவிட்டது. இப்போது படிவம் 6, முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டும். முகவரி மாற்றம், அதே தொகுதிக்குள் என்றாலும் வேறு தொகுதிக்கு என்றாலும், படிவம் 8-இல் வருகிறது. பழைய பழக்கத்தில் இன்னும் 6-ஐயே போட்டுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

படிவம் மாறிப்போனது சின்ன விஷயம் இல்லை. படிவம் 6-இன் முடிவில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. முதன்முறையாக விண்ணப்பிக்கிறேன், வேறு எந்தத் தொகுதியின் பட்டியலிலும் என் பெயர் இல்லை என்பது அதன் சாரம். உங்கள் பெயர் விழுப்புரத்தில் இருக்கும்போது அந்த உறுதிமொழி உண்மையாகாது. வாக்காளர் பதிவுக்காகத் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால், 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் உள்ள உண்மை இதுதான். ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 17. ஒரே பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதிகளில் ஓட்டுப் போட்டால், இரண்டு ஓட்டும் செல்லாது.

பயப்படாதீர்கள். "தெரிந்தே" என்பதுதான் பிரிவு 31-இன் உயிர். தவறு தெரிந்த பிறகு பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. ஒரு வெள்ளைத்தாளில், உங்கள் படிவம் 6-இன் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, தாம்பரம் தொகுதியின் வாக்காளர் பதிவு அதிகாரிக்கு எழுதுங்கள். "எனக்கு விழுப்புரம் மாவட்டத்தில் ஏற்கெனவே பதிவு உள்ளது. தவறுதலாகப் படிவம் 6 கொடுத்துவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 அளிக்கிறேன்" என்று நான்கு வரி போதும். தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடிதம் கொடுத்துப் படிவம் 8 போடுவதற்கு முன் ஒரு சோதனை வேண்டும். voters.eci.gov.in தளத்தில் உங்கள் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். பெயர், பாகம் எண், வரிசை எண் வந்தால் விழுப்புரத்துப் பதிவு உயிரோடு இருக்கிறது. படிவம் 8 போடலாம். எந்த விவரமும் வராவிட்டால், நீங்கள் குடிபெயர்ந்துவிட்டதாகச் சொல்லி இடையில் பெயரை நீக்கியிருக்கலாம். 1950 என்ற எண்ணை அழைத்து அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். உண்மையிலேயே எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லையென்றால், படிவம் 8-ஐ வைத்து மாற்றுவதற்குப் பதிவே இல்லை. அப்போது மட்டும் படிவம் 6 சரி, மேலே சொன்ன கடிதமும் தேவைப்படாது. எந்தப் படிவம் என்பதை இந்தத் தேடல்தான் தீர்மானிக்கும்.

இனி படிவம் 8. அதே தளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்து உள்ளே போய், Shifting of Residence என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொகுதிக்கு வெளியே மாறியதாகக் குறியுங்கள். புது முகவரியில் கதவு எண்ணைக் கவனமாக எழுதுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள தெருவென்றால் இரண்டையும் எழுதி, கணவரின் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். "12/5" என்பது "5/12" ஆகிவிட்டால், ஒரே வீட்டில் இருக்கும் இருவரும் வேறு வேறு பாகத்துக்குப் போய்விடக்கூடும். படிவம் 7 கொடுத்துப் பழைய பதிவை நீங்களாக நீக்க வேண்டாம். மாற்றம் ஏற்கப்படும்போது பழைய பதிவை எடுப்பதும் அதன் ஒரு பகுதிதான். முந்திக்கொண்டு நீக்கிவிட்டால் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நிற்க நேரும். அப்பா பெயர் இருக்கும் இடத்தில் கணவர் பெயர் வர வேண்டும் என்பது சட்டத்தின் கட்டாயம் இல்லை. மாற்ற விரும்பினால், முகவரி மாற்றம் முடிந்த பிறகு திருத்தத்துக்குத் தனியாக ஒரு படிவம் 8 கொடுங்கள்.

முகவரிச் சான்றுதான் உங்களுக்குக் கவலை என்று தெரிகிறது. வாடகை ஒப்பந்தத்தைச் சான்றாகக் கொடுப்பதென்றால் அது பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். நம் ஊரின் பதினொரு மாத ஒப்பந்தம் பெரும்பாலும் உதவாது. ஆனால் ஏற்கப்படும் சான்றுகளின் பட்டியலில் வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் ஆதாரிலோ வங்கிப் பாஸ்புத்தகத்திலோ தாம்பரம் முகவரி இருந்தால் போதும். உங்கள் பெயரில் எதுவும் இல்லாவிட்டால், அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள கணவரின் சான்று செல்லும். அவர் பெயரில் வரும் ஓராண்டுக் கால சமையல் எரிவாயு ரசீதோ, அவரது பாஸ்புத்தகமோ போதும்.

வீட்டு ஓனரின் சம்மதத்தைப் படிவம் எங்கேயும் கேட்கவில்லை. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 19 கேட்பது, நீங்கள் அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கிறீர்களா என்பதைத்தான். வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று பிரிவு 20 தெளிவாகச் சொல்கிறது. ஓட்டு இருப்பதால் வீட்டின்மேல் உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. ஓனரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தப் பயம்தான் காரணமாக இருக்கும்.

விண்ணப்பித்த பிறகு வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., நேரில் விசாரிக்க வரலாம். நான் பார்த்த வரையில் பல விண்ணப்பங்கள் கவிழ்வது இந்தக் கட்டத்தில்தான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போயிருப்பார்கள். பகலில் வீடு பூட்டியிருக்கும். கீழ்வீட்டில் கேட்டால் "யாரும் இல்லீங்க" என்பார்கள். "முகவரியில் இல்லை" என்று அறிக்கை போய்விடும். உங்கள் பாகத்தின் பி.எல்.ஓ. எண்ணைத் தளத்திலோ 1950-இலோ கேட்டு வாங்கி, எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள் என்று நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். ஓனரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எந்தக் கட்சிக்காரர் உதவிக்கு வந்தாலும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விண்ணப்ப எண் உங்கள் கையில் இருக்கட்டும்.

கடைசியாகக் காலக்கெடு. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்ததும், தேர்தல் முடியும் வரை பட்டியலில் சேர்ப்பு, நீக்கம், மாற்றம் எதையும் செய்யக்கூடாது என்கிறது அதே 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23. விண்ணப்பத்தை ஏற்கும் முன் ஆட்சேபணைக்காக ஏழு நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதனால்தான் வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஓர் உதாரணம்: அறிவிக்கை 13-ஆம் தேதி வெளியாகிறது என்று வையுங்கள். மனுத் தாக்கலின் கடைசி நாள் அதிலிருந்து ஏழாவது நாள், 20-ஆம் தேதி. நீங்கள் கொடுத்திருக்க வேண்டியதோ 10-ஆம் தேதிக்குள், அறிவிக்கை வருவதற்கும் மூன்று நாள் முன்பே. அறிவிக்கை வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்திருக்கும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். காலக்கெடு கடந்து, உங்கள் பெயர் இன்னும் விழுப்புரத்துப் பட்டியலில்தான் இருக்கிறதென்றால், வாக்குப்பதிவு நாளில் அங்கே போய் ஓட்டுப் போடுங்கள். பட்டியலில் பெயர் உள்ளவருக்கு ஓட்டு உண்டு என்ற பிரிவு 62 உங்களுக்கும் பொருந்தும். குடிபெயர்ந்தவர் என்று அங்கே குறித்து வைத்திருந்தால் அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள். அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

ஆக, இன்று இரவே பட்டியலில் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் நாளைக் காலையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மாலைக்குள் படிவம் 8-ஐப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே அட்டை எண்ணைக் கொடுத்து மறுபடி தேடுங்கள். தாம்பரத்தின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் திரையில் வந்தால், வேலை முடிந்தது.