சராசரி காப்பாற்றாது: வங்கியின் அழுத்தச் சோதனை பற்றிய மூன்று நம்பிக்கைகள்

நம்பிக்கை 1: பத்து வருடமாக வராக்கடன் 3 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஆகவே வங்கி பத்திரமாக இருக்கிறது.

உண்மை: கடன் வாங்கியவர்களில் ஒருவர் தவறினாலும் மற்றவர் கட்டுவார் என்ற நிலை இருக்கும் வரைதான் சராசரிக்கு மதிப்பு. ஆரணி போன்ற பட்டு ஊரில் அந்த நிலை எளிதில் குலையும். நெசவாளர், ஜரிகை வியாபாரி, சாயப்பட்டறைக்காரர், சேலைக் கடைக்காரர் என வங்கியின் ஏட்டில் தனித்தனிப் பெயர்கள் இருக்கும். ஆனால் அத்தனை பேரின் வருமானமும் கல்யாண முகூர்த்தங்களில்தான் வந்து சேர்கிறது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போயின. அதற்கு முந்தைய பத்து வருடக் கணக்கை எப்படிக் கூட்டி வகுத்தாலும் அப்படி ஒரு பருவம் அதில் தென்பட்டிருக்காது. நடக்காத ஒன்றைச் சராசரி காட்டாது. அதனால்தான் நடக்கக்கூடிய மோசமான நிலையை நாமே கற்பனை செய்து, அது வந்தால் மூலதனம் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதுதான் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எனப்படும் அழுத்தச் சோதனை.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம். கொடுத்த கடன் 100 கோடி, மூலதனம் 12 கோடி. கடனில் 40 கோடி பட்டுத் தொழிலைச் சார்ந்தது. 3 சதவீதம் வராமல் போய், அதில் பாதியை வசூலித்துவிட்டால் நட்டம் ஒன்றரைக் கோடி. லாபத்திலேயே அதைச் சமாளித்துவிடலாம். இப்போது ஒரு முகூர்த்தப் பருவம் முழுக்க நின்றுபோய், பட்டுக் கடனில் கால்வாசி வரவில்லை என்று வைப்போம். 10 கோடி முடங்கி, பாதி வசூலானால் நட்டம் 5 கோடி. லாபம் எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் மூலதனம் 7 கோடியாகவும் கடன் 95 கோடியாகவும் குறையும். விகிதம் சுமார் 7.4 சதவீதம். இந்தியாவில் வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவான 9 சதவீதத்துக்கு இது கீழே. கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் தெளிவாகும்: பட்டுக் கடனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு முடங்கினாலே வங்கி அந்த 9 சதவீதக் கோட்டைத் தொட்டுவிடும். பாதி வசூலாகும் என்பதும்கூட நல்ல காலத்து அனுமானம்தான். எல்லாரும் தேங்கிய சேலைகளை ஒரே மாதத்தில் விற்க வந்தால் அடமானச் சரக்கின் விலையும் சரியும்.

நம்பிக்கை 2: அழுத்தச் சோதனை ஒரு ஆரூடம், அது பலிப்பதில்லை.

உண்மை: இப்படிச் சொல்பவர்கள் காட்டும் சான்று வலுவானதுதான். 2020 மார்ச்சில் 8.5 சதவீதமாக இருந்த வணிக வங்கிகளின் மொத்த வராக்கடன், மிகக் கடுமையான சூழலில் 2021 மார்ச்சுக்குள் 14.7 சதவீதம் வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2020 ஜூலை நிதி நிலைத்தன்மை அறிக்கை கணக்கிட்டது. உண்மையில் அது 7.5 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் இடையில் கடன் தவணைகளை ஆகஸ்ட் இறுதி வரை தள்ளிவைக்க அனுமதி கிடைத்தது. சிறு தொழில்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் வந்தது. பல கடன்கள் மறுசீரமைக்கப்பட்டன. நோய் வந்தது, மருந்தும் கொடுக்கப்பட்டது. சோதனை சொன்னது "இது நடக்கும்" என்பதல்ல. "இது நடந்தால் தாங்குவீர்களா" என்ற கேள்வி அது. அந்தக் கேள்விக்குப் பதிலாக முன்கூட்டியே மூலதனம் திரட்டிய வங்கிக்கு, அஞ்சியது நடக்காமல் போனது நட்டமல்ல.

நம்பிக்கை 3: சோதனையில் தேறிவிட்டால் கவலை இல்லை.

உண்மை: 2010 ஜூலையில் ஐரோப்பிய வங்கிகளுக்கு நடந்த சோதனையில் அயர்லாந்தின் இரண்டு பெரிய வங்கிகள் தேறின. அதே ஆண்டு நவம்பரில், வங்கிகளின் சுமை தாங்காமல் அந்த நாடே வெளியிலிருந்து கடனுதவி கேட்டது. கற்பனை செய்த அதிர்ச்சி மென்மையாக இருந்ததால் தேர்ச்சியும் எளிதாகிவிட்டது. இன்னொரு பிழை, ஏட்டையே நம்புவது. 2019இல் முடங்கிய பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி, தன் கடனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்து, அதைக் கணக்கில் மறைத்திருந்தது. பொய்யான ஏட்டின் மீது எந்தச் சோதனையை நடத்தினாலும் விடையும் பொய்தான். ஆகவே கடந்த காலக் கணக்கைத் தூக்கி எறிய முடியாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை அதுதான் சொல்கிறது. அடி எங்கிருந்து விழும், எத்தனை பேர் மேல் சேர்ந்து விழும் என்பதை மட்டும் கற்பனைதான் சொல்லியாக வேண்டும்.

உங்கள் கூட்டுறவு வங்கியின் பொதுக்குழுவில் சராசரி வராக்கடனைக் கேட்டதோடு உட்கார்ந்துவிடாதீர்கள். மொத்தக் கடனில் ஒரே தொழிலின் பங்கு எவ்வளவு, ஒரு முகூர்த்தப் பருவம் தவறினால் மூலதனம் எத்தனை சதவீதத்தில் நிற்கும் என்று கேளுங்கள். ஏனென்றால் வங்கி முறிந்தால் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு.