பாடம் 9: எவ்வளவு தூரம்?

பாலக்காடு நகரில் வாழும் ஒரு குடும்பத்திற்கு ஒருநாள் பிற்பகலில் பரம்பிக்குளத்திலிருந்து செய்தி வந்தது. பாட்டிக்கு உடல்நலம் குன்றியிருந்தது. அங்குள்ள அணையைத் தமிழ்நாடு நீர்வளத்துறை பராமரிக்கிறது. அத்துறையில் பணிபுரியும் பெரியப்பாவின் வீட்டில்தான் பாட்டி தங்கியிருந்தார். உடனே புறப்பட எண்ணிய தந்தை, கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து இரண்டு ஊர்களையும் ஒரு கோட்டால் இணைத்தார். அதன் திரைப்பிடிப்பை அண்ணனுக்கு அனுப்பி, "45 கிலோமீட்டர்தானே? ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் பைக்கில் வந்துவிடுகிறேன்" என எழுதினார்.

பெரியப்பாவின் மறுமொழி உடனே வந்தது: "தம்பி, அது காக்கை பறக்கும் தூரம். சாலை வழியே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகும். பைக்கை வனத்துறைச் சாவடியில் உள்ளே விடமாட்டார்கள். நாளைக் காலையில் பேருந்தில் வா."

ஒரே படத்தைப் பார்த்த இருவரும் இருவேறு விடைகளைக் கண்டது எதனால்? படத்தை உற்றுநோக்கினால் விளங்கும். தந்தை அனுப்பிய கோடு எங்கும் வளையவில்லை. அதன்மேல் வாகனச் சின்னமும் இல்லை; பயண நேரமும் இல்லை. இம்மூன்றும் இல்லாத படம் நேர்கோட்டுத் தூரத்தையே காட்டுகிறது என்று கொள்ளலாம். சாலைவழிப் படத்தில் கோடு சாலையைப் போலவே நெளிந்து செல்லும்; பக்கத்தில் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும்.

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதற்கும் பாலக்காட்டுச் சமவெளிக்கும் இடையே நெல்லியாம்பதி மலைகள் நிற்கின்றன. ஆகவே பாலக்காட்டிலிருந்து செல்லும் பேருந்து, எல்லையைக் கடந்து தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மலையேறி, மீண்டும் கேரளத்திற்குள் வருகிறது. சொந்த மாவட்டத்திற்குள் செல்ல அயல் மாநிலத்தைச் சுற்ற வேண்டிய விந்தை இது! 45 என்னும் எண் இருமடங்குக்கும் மேலாகப் பெருகியதன் காரணம் இந்தச் சுற்றே.

இனி, எந்த ஊகம் விடையை மாற்றுகிறது, எது மாற்றுவதில்லை என்று பார்ப்போம். ஆனைமலை வரை கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் வழியாகவும் செல்லலாம். பொள்ளாச்சி வழியாகவும் செல்லலாம். இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் மொத்தத் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதைப் பற்றி நெடுநேரம் வாதிடுவது வீண். காரா, பேருந்தா என்பதும் தூரத்தை மாற்றாது. நேரத்தை மட்டுமே மாற்றும். ஆனால் இருசக்கர வாகனம் என்னும் ஊகமோ பயணத்தையே தடுத்துவிடும். புலிகள் காப்பகத்தின் சாலையில் அதற்கு இசைவு இல்லை. மாலையில் சாவடியும் மூடப்படும். ஐந்து மணிக்குப் புறப்பட்டவர் சேத்துமடையை அடையும்போது இருட்டியிருக்கும். இந்த விதிகளை வரைபடத்தின் நீலக்கோடு சொல்வதில்லை. அவ்வழியே சென்று வந்தவரே சொல்ல முடியும்.

பயண முறை மாறினால் வழியே மாறிவிடுவதும் உண்டு. கொச்சி அரசு அமைத்த வன டிராம் பாதை 1907 முதல் பரம்பிக்குளம் காட்டு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கியது. 1963-இல் அது மூடப்பட்டது. அன்று மேற்கே இறங்கிய மரத்தின் வழி இன்றைய பயணிக்கு இல்லை. அதுபோலவே, பரம்பிக்குளம் வனப்பகுதியின் தேக்கடியில் வாழும் பழங்குடி மக்களுக்கு, அடிவாரத்துச் செம்மணாம்பதி நடந்து இறங்கினால் சில கிலோமீட்டரே. வாகனத்தில் என்றால் தமிழ்நாட்டைச் சுற்ற வேண்டும். அதனால் 2020 அக்டோபர் 2 அன்று அம்மக்கள் தாங்களே காட்டுவழியைச் சாலையாக வெட்டத் தொடங்கினர்.

தேக்கடி என்றதும் இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியே பலருக்கு நினைவுக்கு வரும். இவ்விரு தேக்கடிகளுக்கும் இடையே நேர்கோட்டிலேயே 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளது. பெயரை மட்டும் தட்டெழுதித் தேடுபவர் தவறான ஊரிலிருந்து அளக்கக்கூடும். ஆதலால் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் மாவட்டத்தோடு சேர்த்துச் சரிபார்த்த பின்னரே எண்ணைப் படிக்க வேண்டும்.

தந்தை மறுநாள் காலைப் பேருந்தில் ஏறினார். இம்முறை அவர் அனுப்பிய செய்தியில், "பாலக்காட்டிலிருந்து, பேருந்தில், சேத்துமடை வழியாக வருகிறேன். எத்தனை மணிக்கு வந்து சேர்வேன்?" என்று இருந்தது.

சிந்தித்து எழுதுக

1. தந்தையின் முதல் செய்தியில் சொல்லாமல் விடப்பட்ட ஊகங்கள் யாவை? அவற்றுள் பயணத்தையே தடுக்கக்கூடியது எது?

2. இடுக்கி மாவட்டத்து இராமக்கல்மேட்டின் உச்சியில் நிற்பவருக்குத் தமிழ்நாட்டுச் சமவெளி காலடியில் இருப்பதுபோல் தெரியும். அங்கிருந்து கீழே உள்ள ஊர் ஒன்றைக் கோட்டால் இணைத்து, "எவ்வளவு தூரம்?" என்று உம் நண்பர் கேட்கிறார். விடை கூறுமுன் அவரிடம் நீர் கேட்கும் இரண்டு வினாக்களை எழுதுக.