தட்டில் எத்தனை மில்லிகிராம் இரும்பு?

தாதிமைப் பயிற்சி மாணவர்கள் உங்கள் பள்ளிக்கு வந்து சுகாதாரப் பாடம் நடத்தினால், பூப்பு, சத்துணவு, இரத்த சோகை என்று மூன்று தலைப்புகளில் பேசுவார்கள். மூன்றும் உண்மையில் ஒரே கணக்குதான். அதைப் போட்டுப் பார்ப்போமா?

கிள்ளானில் படிவம் மூன்றில் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது. அவள் வயதில் இதற்குக் கீழே இறங்கினால் அது இரத்த சோகை. ஒரு மாதவிடாயில் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறினால், அதோடு 4.8 கிராம் ஹீமோகுளோபின் போய்விடும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 3.4 மில்லிகிராம் இரும்பு உள்ளது. ஆகவே இழப்பு 16 மில்லிகிராம். 28 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 0.6 வரும். தோலும் குடல் செல்களும் உதிர்வதால் தினமும் போகும் 0.8-ஐக் கூட்டினால் 1.4 மில்லிகிராம். வளரும் உடலுக்குப் புது இரத்தம் ஊற வேண்டிய இரும்பு இதில் சேரவில்லை. பையன்களே, அந்தச் செலவு உங்களுக்கும் உண்டு.

1.4 சிறிய எண்தான். ஆனால் கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் குடல் உறிஞ்சுகிறது. அப்படியானால் தட்டில் குறைந்தது 14 மில்லிகிராம் இருக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தோசையோடு தே தாரிக்கும் குடித்தால், தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சப்படும் அளவு பாதிக்கும் கீழே போகலாம். தேநீரை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். சாப்பாட்டோடு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். இறைச்சி, மீனில் உள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும்.

பாடத்துக்கு முன்னும் பின்னும் பயிற்சித் தாதியர் ஒரு கேள்வித்தாள் தருவது வழக்கம். இரண்டாம் முறை மதிப்பெண் நன்றாகவே ஏறும். அதனால் இரத்தம் ஏறிவிட்டது என்று ஆகாது. அதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கண் இமையின் உட்புறம் வெளுத்திருப்பது ஓர் அறிகுறி என்றாலும், லேசான சோகை அதில் தெரியாமல் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தலசீமியா மரபணு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறையலாம். ஆனால் அவர்களுக்கு இரும்பு போதுமான அளவு இருக்கக்கூடும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும். மலேசியாவில் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடத்தப்படுவதால், பெற்றோர் ஒப்புதல் படிவம் வந்தால் பையிலேயே வைத்துவிடாதீர்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்கவும் வேண்டாம். மருத்துவர் தந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால், குறை இரும்பில்தானா என்று அவர் மறுபடி பார்ப்பார்.