பழைய டீசல் கார் வாங்குமுன்: மூன்று உறுப்புகளின் நிலையறிதல்

2020 ஏப்ரலுக்குப் பின் இந்தியாவில் விற்கப்பட்ட பிஎஸ்-6 டீசல் காரை வாங்க எண்ணுவோர், இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினைத் தம் முன்னிலையில் இயக்கச் சொல்ல வேண்டும். சூடேறிய எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும்.

• இன்ஜெக்டர்: டீசலைத் தூவும் இவ்வுறுப்பு பழுதடைந்தால் குளிர்நிலையில் தட்டல் ஒலி எழும், ஸ்கேனர் காட்டும் எரிபொருள் திருத்த அளவு ஒரு சிலிண்டருக்கு மட்டும் வெகுவாக விலகியிருப்பின் ஐயம் வலுப்படும்.

• டர்போ: கழிவு வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் இதன் சக்கரத்தை, எஞ்சினை நிறுத்திக் காற்றுக்குழாயைக் கழற்றியபின் விரலால் அசைத்தால், பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு, முன்னும் பின்னும் ஆடுவதோ இறகுகள் உறையில் உரசுவதோ தேய்மானத்தைக் காட்டும்.

• டிபிஎஃப்: புகைக்கரியைப் பிடித்துவைத்து அவ்வப்போது எரித்துவிடும் வடிகட்டி இது. சைலன்சர் முனையின் உட்புறம் தடவிய விரலில் கரி அப்பினால், வடிகட்டி விரிசலுற்றிருக்கலாம் அல்லது அகற்றப்பட்டிருக்கலாம். எஞ்சின் ஆயில் அளவுக்கம்பியின் மேல்கோட்டைத் தாண்டி டீசல் வாடையும் வீசினால், கரி எரிப்பு அடிக்கடி பாதியில் நின்று டீசல் ஆயிலில் கலந்திருக்கக்கூடும்.

ஒழுகும் இன்ஜெக்டரும் ஆயில் கசியும் டர்போவும் வடிகட்டியை அடைப்பவை என்பதால், வடிகட்டி புதிதாக மாற்றப்பட்ட காரில் அவ்விரண்டையும் கூடுதல் கவனத்துடன் சோதிக்க வேண்டும்.