தொடக்கம் எங்கே? – இறக்கி வைத்த பாட்டுக்கு எதற்குத் தவணை?

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். போன தடவை கப்பல் ஏறுமுன், மாதாமாதம் பணம் கட்டுகிற செயலிகளில் முந்நூறு பாட்டும் பத்துப் படமும் இறக்கிக்கொண்டு போனான். நடுக்கடலில் ஒரு மாதம் கழித்துப் பாட்டு எதுவும் ஓடவில்லையாம். படங்களில் சிலது அதற்கு முன்பே போய்விட்டதாம். கட்டிய பணம் கட்டியதுதானே? இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது?
– ஒரு வாசகி, ஓட்டப்பிடாரம்

பதில்: அம்மா, உங்கள் மகனின் போனில் அந்தப் பாட்டும் படமும் அழியாமல்தான் இருந்திருக்கும். செயலி இறக்கித் தருவது பூட்டிய கோப்பு. அதைத் திறக்கும் சாவி, உரிமம் என்ற பெயரில் தனியாக வருகிறது. எந்தப் போனில் திறக்கலாம், எத்தனை நாள் திறக்கலாம் என்பதெல்லாம் அந்த உரிமத்தில் எழுதியிருக்கும். நாள் முடிந்தால் சாவி வேலை செய்யாது. கோப்பு இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

இதே ஏற்பாடு நம்மூர்த் தியேட்டர்களிலும் உண்டு. பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்தபின், கோவில்பட்டியில் ஓடும் படமும் பூட்டிய கோப்பாகத்தான் வருகிறது. அதைத் திறக்கும் சாவிக்குப் பெயர் கே.டி.எம். சென்னையின் க்யூப் போன்ற நிறுவனங்கள் அனுப்பும் அந்தச் சாவி, குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதிவரை மட்டும் திறக்கும். பணப் பாக்கி தீராமல் முதல் நாள் காலைக் காட்சி தள்ளிப்போகும்போது, “கே.டி.எம். இன்னும் வரலை” என்று வாசலில் சொல்கிறார்களே, அது இதுதான். படம் உள்ளேயே இருக்கும், ஓட்டத்தான் முடியாது.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் பெரிய முயற்சி அமெரிக்காவில் 1998-ல் நடந்தது. சர்க்யூட் சிட்டி என்ற மின்சாதனக் கடைத்தொடர், டிவ்எக்ஸ் என்ற பெயரில் ஒரு வட்டு விற்றது. (பின்னாளில் சிடிக் கடைகளில் புழங்கிய டிவ்எக்ஸ் வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வட்டின் விலை நாலரை டாலர் அளவில்தான் இருந்தது. வாங்கி எத்தனை நாள் வேண்டுமானாலும் அலமாரியில் வைத்திருக்கலாம். ஆனால் முதல் தடவை ஓடவிட்ட நிமிடத்திலிருந்து 48 மணி நேரம்தான் படம் ஓடும். மறுபடி பார்க்க மறுபடி காசு. கணக்குப் பார்ப்பதற்காக, அந்த வட்டை ஓட்டும் கருவியை வீட்டுத் தொலைபேசி இணைப்பில் சொருகி வைக்க வேண்டும். அது அவ்வப்போது தானாகவே தலைமையகத்துக்குப் போன் போட்டு, என்ன ஓடியது என்று ஒப்பிக்கும். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1999 ஜூனில் கடையைக் கட்டினார்கள். 2001-ல் அந்தத் தலைமையக இணைப்பும் நின்றது. அதன்பின் வட்டு வைத்திருந்தவர்களிடம் பிளாஸ்டிக்தான் மிஞ்சியது.

டிவ்எக்ஸ் போனாலும் அதன் இரண்டு பழக்கங்கள் போகவில்லை. தொட்டதிலிருந்து 48 மணி நேரம் என்பது ஒன்று, அவ்வப்போது தலைமையகத்துக்கு ஆஜர் கொடுப்பது மற்றொன்று. யூடியூப் 2014 டிசம்பரில் வீடியோவை இறக்கி வைத்துப் பார்க்கும் வசதியை இந்தியாவில் கொண்டுவந்தபோது, அதற்கும் 48 மணி நேரத் தவணைதான். உலகத்திலேயே அந்த வசதியை முதலில் பெற்ற நாடுகளில் நம்முடையதும் ஒன்று. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை தெருவுக்குத் தெரு இருந்த ஊர்களுக்கு வேறு எதைக் கொடுத்தாலும் எடுபட்டிருக்காது என்பது என் எண்ணம்.

பாட்டுக்கு முப்பது நாள் வந்த வழி வேறு. 2005-ல் நாப்ஸ்டர் என்ற இசைச் சேவை, மாதம் சுமார் 15 டாலருக்கு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் கையடக்கக் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம் என்றது. மாதச் சந்தா நின்றால் பாட்டும் நிற்க வேண்டுமே? அதற்காகக் கருவிக்குள் பயனர் கை வைக்க முடியாத ஒரு கடிகாரம் இருந்தது. மாதம் ஒரு தடவை கணினியில் சொருகினால்தான் உரிமம் புதுப்பிக்கும். இன்று ஸ்பாட்டிஃபை கேட்பதும் 30 நாளுக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டச் சொல்லித்தான். சந்தா கட்டியிருக்கிறீர்களா என்று பார்ப்பது அதில் ஒரு பாதி. நெட் இல்லாத இடத்தில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற கணக்கு அதுவரை போனுக்குள்ளேயே கிடக்கிறது. அது போய்ச் சேர்ந்தால்தான் பாடியவர், இசையமைத்தவர் பங்கு கணக்கில் ஏறும். இந்த இரண்டாவது காரணம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இனி உங்கள் மகன் விஷயம். பாட்டு நின்றது அந்த முப்பது நாள் கணக்கு. படங்கள் முன்பே போனதற்கு, அவர் கப்பல் ஏறுமுன் ஒவ்வொன்றையும் சரியாக இறங்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் சில படங்களுக்கு, ஓடவிட்ட நொடியிலிருந்து 48 மணி நேரம்தான். பத்து விநாடி பார்த்தாலும் கணக்கு ஆரம்பித்துவிடும். வேறு சில, தொடாமலே வைத்திருந்தாலும் ஏழு நாளில் முடியும். தயாரிப்பாளரோடு போட்ட ஒப்பந்தம் படத்துக்குப் படம் மாறுவதால், ஒரே செயலியில் ஒன்று மாதக்கணக்கில் நிற்கும், ஒன்று வாரத்தில் போகும். தவணை ஏழு நாளுக்குள் வந்தபின்தான் மிச்ச நாளைத் திரையில் காட்டுகிறார்கள். கடலுக்குப் போகிறவருக்கு அது போதாது. இறக்கும்போதே சொல்ல வேண்டும், சொல்லாதது தப்புதான்.

போனின் தேதியைப் பின்னால் தள்ளி ஏமாற்றலாம் என்று கப்பலில் யாராவது சொல்லியிருப்பார்கள். கடைசியாக இணைந்தபோது இருந்த நேரத்தைச் செயலி குறித்து வைத்திருக்கும். தேதி அதற்கும் முன்னால் போனால் சந்தேகப்பட்டு மொத்தமாகப் பூட்டிவிடும்.

கேள்வி: எத்தனை பாட்டு, எத்தனை போன் என்று கட்டுப்பாடு வைப்பது ஏன்?
– அவரே

பதில்: சாவி போனுக்குப் போன் தனித்தனி என்பதால் எண்ணிக் கொடுக்க முடிகிறது. எண்ணாவிட்டால் ஒரு சந்தாவில் ஒரு தெருவே கேட்கும் என்பது பாட்டுக் கம்பெனிகளின் பயம். ஸ்பாட்டிஃபையில் முதலில் மூன்று கருவிகள், ஒவ்வொன்றிலும் 3,333 பாட்டு என்று இருந்தது. 2018 செப்டம்பரில் ஐந்து கருவிகள், ஒவ்வொன்றிலும் 10,000 என்று கூட்டினார்கள். உங்கள் மகனின் முந்நூறு இதில் எந்த மூலைக்கு? அவருக்கு இடிப்பது நாள்தான், எண்ணிக்கை இல்லை.

கேள்வி: பூட்டை உடைத்துத் தரும் ஆப் இருக்கிறதாமே?
– அவரே

பதில்: இருக்கிறது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. அந்த வம்பு வேண்டாம். கப்பல் ஏறும் நாளன்று நெட் இருக்கும்போதே ஒவ்வொரு செயலியையும் திறந்து சில நிமிடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். முப்பது நாள் கணக்கு அன்றிலிருந்து ஓடும். படங்களைத் தட்டிப் பார்க்க வேண்டாம். அடுத்த துறைமுகத்தில் நெட் கிடைத்ததும் மறுபடி திறந்தால் போதும். தவணை முடிவதற்குள் திறந்துவிட்டால் புதுச் சாவி மட்டும்தான் வரும், பாட்டு முழுக்க மறுபடி இறங்காது, டேட்டாவும் அதிகம் தின்னாது. ரொம்பப் பிடித்த நூறு பாட்டை மட்டும் பூட்டில்லாத எம்.பி.3-ஆகக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அதற்குத் தவணை கிடையாது.