பாதியில் நிறுத்தப்படும் நொதித்தல்: போர்ட் ஒயினின் வேதியியல்

திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரைதான் மதுசாரமாக மாறுகிறது. அப்படியானால், ஓர் ஒயினில் மதுசாரம் கூடக் கூட இனிப்பு குறைய வேண்டும். சாதாரண சிவப்பு ஒயினில் அதுதான் நடக்கிறது. அதில் 13 விழுக்காடு மதுசாரம் இருக்கும். இனிப்பு ஏறக்குறைய இருக்காது. ஆனால், போர்த்துகலின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் தயாராகும் போர்ட் ஒயினில் மதுசாரமும் 20 விழுக்காடு அளவில் இருக்கிறது. இனிப்பும் நிறைய இருக்கிறது. இது எப்படி இயலும்? இதற்கு விடை, நொதித்தல் பாடத்தில் நாம் படிக்கும் ஒரு சிறிய உண்மையில் இருக்கிறது.

ஈஸ்ட் செய்யும் வேலை

ஈஸ்ட் எனப்படும் நுரைமம் ஓர் உயிரணுவால் ஆன பூஞ்சை. அது சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் கரிவளியையும் வெளியேற்றுகிறது. வேதிச் சமன்பாடு இதுதான்:

C6H12O6 → 2 C2H5OH + 2 CO2

யாரும் தடுக்காவிட்டால், சர்க்கரை தீரும் வரை ஈஸ்ட் ஓயாது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை செலவானால் 1 விழுக்காடு மதுசாரம் உருவாகும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்குப் போட உதவும்.

ஈஸ்ட் தான் உண்டாக்கும் மதுசாரத்தாலேயே பாதிக்கப்படுகிறது. மதுசாரம் அதன் உயிரணுச் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளரச் செய்கிறது. உள்ளே இருக்க வேண்டியவை வெளியே கசிகின்றன. மதுசாரம் மெல்ல மெல்லக் கூடும்போது ஈஸ்ட் தன் சவ்வின் கொழுப்பை மாற்றி ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சில வகை ஈஸ்ட் 15, 16 விழுக்காடு வரைகூட வேலை செய்கிறது. ஆனால், 5 விழுக்காட்டில் இருக்கும் சாறு சில நிமிடங்களில் 20 விழுக்காட்டுக்கு உயர்ந்தால் ஈஸ்டுக்குத் தன்னை மாற்றிக்கொள்ள நேரமே இல்லை. அது மடிந்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். போர்ட் ஒயினின் அடிப்படை இவ்வளவுதான்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்?

ஊற்றப்படுவது திராட்சையிலிருந்தே வடித்தெடுத்த நிறமற்ற சாராயம். போர்த்துகீசிய மொழியில் அதற்கு அகுவார்தென்ட் என்று பெயர். அதன் வீரியம் 77 விழுக்காடு. டோருவில் வழக்கமான அளவு, 435 லிட்டர் நொதிக்கும் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். இரண்டும் சேர்ந்து 550 லிட்டர். ‘பைப்பா’ எனப்படும் ஒரு மரப்பீப்பாயின் கணக்கு அது.

இப்போது நாமே கணக்குப் பார்ப்போம். சாற்றில் தொடக்கத்தில் லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை இருந்தது என்று கொள்வோம். மதுசாரம் 5 விழுக்காட்டை எட்டும்போது 5 × 17 = 85 கிராம் செலவாகியிருக்கும். மீதி 135 கிராம்.

முதலில் மதுசாரம். 435 லிட்டர் சாற்றில் 5 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 22 லிட்டர். 115 லிட்டர் சாராயத்தில் 77 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 88.5 லிட்டர். மொத்தம் 110.5 லிட்டர். அதை 550 ஆல் வகுத்தால் 20 விழுக்காடு கிடைக்கிறது. போர்ட் ஒயினின் வழக்கமான வீரியம் 19 முதல் 22 விழுக்காடு. நம் கணக்கு அதற்குள் பொருந்துகிறது.

அடுத்து சர்க்கரை. 435 × 135 என்றால் ஏறத்தாழ 58.7 கிலோ. அது இப்போது 550 லிட்டரில் பரவியிருக்கிறது. ஆக, லிட்டருக்கு ஏறத்தாழ 107 கிராம். கவனியுங்கள்: சாராயம் ஈஸ்டைக் கொல்வதோடு சாற்றை நீர்க்கவும் செய்கிறது. 135 ஆக இருந்த இனிப்பு 107க்கு இறங்கியது அதனால்தான்.

கடைகளில் கிடைக்கும் 40 விழுக்காட்டுப் பிராந்தியை ஊற்றினால் என்ன ஆகும்? அதே 20 விழுக்காட்டை எட்ட, 550 லிட்டரில் ஏறத்தாழ 236 லிட்டர் பிராந்தியாக இருக்க வேண்டும். பாதிக்குச் சற்றுக் குறைவு! திராட்சையின் நிறமும் மணமும் இனிப்பும் நீர்த்துப்போகும். வீரியம் மிகுந்த சாராயம் தேவைப்படுவதன் காரணம் இதுதான்.

எங்கே தவறு நேரும்?

முதல் சிக்கல் நேரம். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது சர்க்கரை வேகமாகக் குறையும். ஆகவே, அடர்த்திமானியைச் சாற்றில் மிதக்கவிட்டு அடிக்கடி அளக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் தொடக்க அடர்த்தி ஏறத்தாழ 1.095, நிறுத்தும் வேளையில் ஏறத்தாழ 1.055. சற்றுத் தாமதித்து, மதுசாரம் 8 விழுக்காட்டைத் தொட்டபின் சாராயத்தைச் சேர்த்தால் இறுதி ஒயினில் லிட்டருக்கு ஏறத்தாழ 70 கிராம் சர்க்கரைதான் மிஞ்சும். அதன் சுவையே வேறு.

இரண்டாவது சிக்கல் கலக்குவது. சாராயம் தண்ணீரைவிட இலேசானது. இனிப்புச் சாறு தண்ணீரைவிடக் கனமானது. நன்றாகக் கலக்காவிட்டால் சாராயம் மேலே மிதக்கும். அடியில் இருக்கும் ஈஸ்ட் தன் வேலையைத் தொடரும். மறுநாள் குமிழிகள் எழுவதும் அடர்த்தி மேலும் இறங்குவதும் இதற்கான அடையாளங்கள்.

மூன்றாவது சிக்கல் நிறம். திராட்சையின் சிவப்பு, சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. சாதாரண சிவப்பு ஒயின் ஒரு வாரமோ அதற்கு மேலோ தோலோடு ஊறும். போர்ட்டுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்கள் மட்டுமே. அதற்குள் நிறத்தையும் துவர்ப்பையும் பிழிந்தெடுக்க வேண்டும். டோருவில் ‘லகார்’ எனப்படும் கருங்கல் தொட்டிகளில் ஆட்கள் முழங்கால் அளவு திராட்சையில் இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பது இதற்காகத்தான். பாதம் தோலை நசுக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். இன்று பல இடங்களில் இயந்திரப் பாதங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

ஒரே ஒயின், இரண்டு வழிகள்

சாராயம் சேர்த்தபின் ஈஸ்டின் கதை முடிகிறது. இனி ஒயினின் போக்கைத் தீர்மானிப்பது உயிர்வளி. ரூபி, டோனி என்ற இரண்டு வகைகளும் இங்கேதான் பிரிகின்றன.

ரூபி வகை பெரிய கொள்கலன்களில் வைக்கப்படுகிறது. அது துருப்பிடிக்காத எஃகாகவோ, சிமெண்டாகவோ, பல்லாயிரம் லிட்டர் கொள்ளும் மரத்தொட்டியாகவோ இருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் புட்டியில் அடைக்கப்படும். உயிர்வளி அதிகம் படாததால் மாணிக்கச் சிவப்பும் பழ மணமும் நிலைக்கின்றன.

டோனி வகை, 550 லிட்டர் அளவுள்ள பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. பீப்பாய்கள் பழையவையாக இருப்பதே நல்லது. மரத்தின் சுவை இங்கே தேவையில்லை. மரத்தின் வழியாகச் சிறிது சிறிதாக நுழையும் உயிர்வளிதான் தேவை.

கொள்கலனின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? இது வகுப்பில் நாம் படிக்கும் பரப்பளவு, கொள்ளளவு விகிதம்தான். 55,000 லிட்டர் மரத்தொட்டியின் கொள்ளளவு, 550 லிட்டர் பீப்பாயைப் போல் 100 மடங்கு. வடிவம் ஒன்றே என்றால் அதன் நீள அகலங்கள் ஏறத்தாழ 4.6 மடங்குதான், பரப்பளவு ஏறத்தாழ 21.5 மடங்குதான். ஆக, பெரிய தொட்டியில் ஒரு லிட்டர் ஒயினுக்குக் கிடைக்கும் மரப்பரப்பு, பீப்பாயில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. உயிர்வளியும் அதற்கேற்பக் குறைவு.

பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது? சிவப்பு நிறம் தருபவை ஆந்தோசயனின் எனும் நிறமிகள். உயிர்வளியால் மதுசாரத்தில் ஒரு சிறு பகுதி அசிட்டல்டிஹைடாக மாறுகிறது. அது நிறமியையும் துவர்ப்புப் பொருளான டானினையும் ஒன்றோடு ஒன்று பிணைக்கிறது. மூலக்கூறுகள் பெருத்துக்கொண்டே போய், கரைந்திருக்க முடியாமல் அடியில் வண்டலாகப் படிகின்றன. சிவப்பு கழிந்து செங்கல் நிறமும், பிறகு தேன்பழுப்பும் வருகின்றன.

மணமும் மாறுகிறது. பழ மணம் மங்கி, கொட்டைகள், உலர்பழங்கள், காய்ச்சிய சர்க்கரை ஆகியவற்றின் மணம் எழுகிறது. நீண்டகாலம் பீப்பாயில் இருந்த டோனியில் சேரும் மணப்பொருள்களில் ஒன்று சோட்டோலோன். இது நமக்குப் புதியதல்ல. நம் சமையலறை வெந்தயத்திற்கு அந்த மணத்தைத் தருவதும் இதே மூலக்கூறுதான்.

உயிர்வளி உள்ளே வரும்போது நீரும் மதுசாரமும் ஆவியாகி வெளியே போகின்றன. ஆண்டுக்கு 2 விழுக்காடு குறைவதாக வைத்துக்கொண்டால், மேல்நிரப்பாமல் விட்ட 550 லிட்டர், 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 367 லிட்டராகச் சுருங்கும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! ஆனால், சர்க்கரை ஆவியாகாது. அதனால்தான் முதிர்ந்த டோனி கெட்டியாகவும் கூடுதல் இனிப்பாகவும் இருக்கிறது. அதன் விலைக்கும் இந்த இழப்பு ஒரு காரணம்.

சிட்டையை எப்படிப் படிப்பது?

டோனி சிட்டைகளில் 10, 20, 30, 40 என்ற எண்களைக் காணலாம். புட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு துளிக்கும் அத்தனை வயது என்று பொருளல்ல. வெவ்வேறு வயது ஒயின்களைக் கலந்து, அந்த வயதுக்குரிய சுவைக்குக் கொண்டுவந்து, சுவைக்குழுவின் ஒப்புதல் பெற்றவை அவை. ஒரே ஆண்டின் அறுவடையை மட்டும் கொண்ட டோனிக்குக் ‘கொல்யெய்தா’ என்று பெயர். அது குறைந்தது ஏழு ஆண்டுகள் மரத்தில் இருக்க வேண்டும்.

எண் எதுவும் இல்லாமல் ‘டோனி’ என்று மட்டும் இருந்தால் சற்றுக் கவனம் தேவை. அது ரூபியின் வயதையே ஒத்ததாக இருக்கலாம். தோலோடு குறைவாக ஊறவைத்தாலோ வெள்ளைப் போர்ட் கலந்தாலோ நிறம் வெளுத்துவிடும். ஆக, நிறம் மட்டும் வயதுக்குச் சான்றாகாது. கண்ணாடிக் குவளையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்துப் பாருங்கள். வெளிர் சிவப்பு மட்டும் தெரிந்து, ஓரத்தில் பழுப்பு இல்லை என்றால் அது காலத்தால் வெளுத்ததாக இருக்க வாய்ப்பு குறைவு.

கடைசியாக, இதுவரை பார்த்த வேதியியலைச் சோதிக்க ஒரு கேள்வி. திறந்த ரூபி, திறந்த டோனி, இரண்டில் எது நீண்ட நாள் சுவை மாறாமல் இருக்கும்? டோனிதான். உயிர்வளி மாற்றக்கூடியவற்றில் பெரும்பகுதியைப் பீப்பாயிலேயே மாற்றிவிட்டது. இனி மாறுவதற்கு அதில் அதிகம் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் டோனி சில வாரங்கள் தாங்கும். ரூபிக்கோ புட்டி திறந்த அன்றுதான் உயிர்வளியோடு முதல் பெரிய சந்திப்பு. அதன் பழ மணம் விரைவிலேயே மங்கத் தொடங்கிவிடும்.